பச்சைப் பட்டைக்குள் நடந்த மாதங்கள்

அத்தானின் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தும் என்று தெரிந்த அன்று, எங்கள் குடும்பம் அவரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தது. அந்த மனிதரிடம் எங்களுக்கு வேண்டிய பொருள் ஏதாவது இருக்கும் என்று அதுவரை ஒருவரும் நினைத்ததில்லை. அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாடு, கிரிக்கெட், மாதா கோயில் என்ற மூன்றையும் தாண்டி எதையும் கதைக்காதவர். அவரைக் கட்டுவதற்காக அக்கா ஞானஸ்நானம் எடுத்தபோது அப்பா பல மாதங்கள் வாய் திறக்கவில்லை. இப்போது அதே மனிதரின் வயிற்றுக்குள்ளே எங்கள் அக்காவின் மிச்ச ஆயுள் இருந்தது.

முதலில் கேட்கப்பட்டது என்னுடையதுதான். எனக்கு நீரிழிவு என்று சொன்னதும் டொக்டர் அடுத்த கேள்விக்கே போகவில்லை. வெளியே தெரிகிற பகுதிகளைப் பெண்வீட்டார் நிராகரித்த அனுபவம் எனக்கு இருந்தது. உள்ளே இருப்பவையும் அதே தரம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அக்காவின் மகள் கனடாவிலிருந்து தான் தருவதாக அழுதாள். கைக்குழந்தைக்காரியிடம் வாங்கமாட்டேன் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். ஆகவே அத்தான்தான்.

ஆனால் அத்தான் பருமன். டொக்டர் அவரைத் தராசில் நிறுத்து, உயரத்தை அளந்து, கணக்குப் பார்த்துவிட்டு, மிகவும் பண்பாகச் சொன்னார். கொடுப்பவர் மிச்ச வாழ்க்கையை ஒரே சிறுநீரகத்தோடு வாழ வேண்டும். இந்த எடை அந்த ஒன்றின் மேல் பாரமாக விழும். சத்திரசிகிச்சையும் கூடுதல் ஆபத்தாகும். எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், திகதி குறிக்கலாம்.

அதுவரை அக்கா வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் போவாள். கழுத்தில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டர் தெரியாமல் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பூசைக்கும் போவாள்.

ஜிம்முக்குப் போகவேண்டும் என்று முடிவானதும் அத்தான் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"கொட்டாஞ்சேனையில சரிவராது மச்சான். கட்டைக் காற்சட்டையோட என்னைக் கண்டா, ஞாயிற்றுக்கிழமை நான் காணிக்கைத் தட்டோட வரேக்க முழுக் கோயிலும் சிரிக்கும்."

ஆகவே வெள்ளவத்தையில், என் வீட்டுக்குக் கிட்ட, காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம்மில் இரண்டு பேரும் சேர்ந்தோம். நான் சேர்ந்தது துணைக்கு. என் நீரிழிவுக்கும் நல்லது என்று மனைவி சொன்னாள். வீட்டில் கொஞ்ச நேரம் நான் இல்லாமலிருப்பது தனக்கும் நல்லது என்பதை அவள் சொல்லவில்லை.

அங்கே பயிற்சி தரும் மாஸ்டர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த மலாய்க்காரர். நல்ல மனிதர், கல்லில் கொத்திய மாதிரி உடம்பு. அத்தானை ட்ரெட்மில்லில் ஏற்றி, கைப்பிடியில் இருந்த உலோகத் தகட்டைப் பிடிக்கச் சொன்னார். இதயத்துடிப்பு திரையில் வந்தது. திரைக்குப் பக்கத்தில் வர்ண வர்ணமாக ஒரு படம். பச்சைப் பட்டையில் 'கொழுப்பு எரியும் எல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்கு மேலே மஞ்சள், அதற்கும் மேலே சிவப்பு.

"இருநூத்தி இருவதில வயசைக் கழிக்கணும் அங்கிள். வாறதில அறுவது, எழுவது வீதம். ஒங்களுக்கு நூத்திப் பத்துக்கு மேல போகப்படாது. பச்சையில இருந்தா கொழுப்பு எரியும். மேல போனா சீனிதான் எரியும், கொழுப்பு அப்படியே இரிக்கும்."

"அப்ப ஓடுறவனெல்லாம்?" என்று கேட்டார் அத்தான்.

"அவங்க ஹார்ட்டுக்கு ஓடுறாங்க. நீங்க வயித்துக்கு நடக்கிறீங்க."

அத்தானுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. கஷ்டப்படாதே, கஷ்டப்பட்டால் பலன் போய்விடும் என்று சொல்கிற வேதம் ஒன்றுக்காக அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறார். எனக்கும் பிடித்தது. நானும் வாசிக்கிறவன், எங்கேயோ வாசித்த ஞாபகமும் இருந்தது. யந்திரம் சொல்கிறது, மாஸ்டர் சொல்கிறார், சுவரிலே ஒட்டிய பெரிய படமும் அதையே சொல்கிறது. மூன்று சாட்சிகள்.

அந்த மாடியில் ஏசி இருந்தது, குளிர் இருக்கவில்லை. கொழும்பு வெயில் தகரக் கூரையில் விழுந்து எங்கள் தலையில் இறங்கியது. அந்தச் சூட்டில், பழக்கமில்லாத உடம்போடு, அத்தானின் துடிப்பு சாதாரண நடையிலேயே எல்லையைத் தொட்டுவிடும். உடனே அவர் வேகத்தைக் குறைப்பார். இன்னும் கொஞ்சம் ஏறும், இன்னும் குறைப்பார். கடைசியில் பெரிய வெள்ளி ஊர்வலத்தில் சுரூபத்துக்குப் பின்னால் போகிற மாதிரி நடந்துகொண்டிருப்பார். பக்கத்து ட்ரெட்மில்லில் நான் அதே ஊர்வலத்தின் கடைசி ஆள். ஒருநாள் பின்னால் காத்திருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள்:

"அங்கிள், நீங்க இறங்கிட்டீங்களோ, இன்னும் நடக்கிறீங்களோ?"

"பிள்ளை, நான் எரியிறன்," என்றார் அத்தான், மிகவும் கண்ணியமாக.

இறங்கும்போது சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். தராசில் ஏறினால் முள் கொஞ்சம் கீழே நிற்கும். அவருடைய முகத்தில் அப்போது வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் காலையில் வீட்டுத் தராசு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். போனது தண்ணீர், குடித்தவுடன் வந்துவிட்டது. ஆனால் யந்திரம் சொன்னதை அவர் நம்பினார். எல்லையைத் தாண்டாமல் நடந்தேன், ஆகவே எரிந்தது, ஆகவே கொஞ்சம் சாப்பிடலாம்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

டயாலிசிஸ்காரருக்குக் கொழும்பில் சாப்பிட மிஞ்சுவது கொஞ்சம். உப்புக் குறைக்க வேண்டும், வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளி கூடாது, மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும், குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும். அக்கா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். தன்னுடைய தட்டில் வெளிறிப்போன எதையோ வைத்துக் கொறிப்பாள். ஆனால் சமையலை மட்டும் விடவில்லை. நண்டுக்கறி, இறால் பொரியல், பிட்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கமாட்டாள். வாசத்தை வைத்தே சொல்லுவாள். எல்லாம் அத்தானுக்கு. அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சும் சத்தத்துக்கு அவளுடைய முகம் மாறும். அவள் அந்த நேரத்தில்தான் சாப்பிட்டாள் என்று நினைக்கிறேன், அவருடைய வாயால்.

நான் ஒரு தடவை பகிடியாகச் சொன்னேன்: "அக்கா, அத்தானை மெலிய விடுற எண்ணம் இல்லையோ?"

"அவர்தான் நடக்கப் போறாரேடா. நடக்கிற மனுசனுக்குச் சாப்பாடு வேணுமெல்லோ."

அத்தான் தலையை ஆட்டினார். யந்திரமும் தலையாட்டும் என்றுதான் நினைத்தோம்.

சில மாதங்கள் கழித்துக் கிளினிக்குக்குப் போனோம். அக்காவைத் துணைக்குக் கூட்டிவரவில்லை. அன்று அவளுக்கு டயாலிசிஸ். எடை நிறுக்கும் மேடையில் ஏறுமுன் அத்தான் செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், செபமாலையைப் பொக்கற்றிலிருந்து எடுத்து என் கையில் தந்தார். முள் போன தடவை நின்ற இடத்துக்குச் சற்றே கீழே வந்து நின்றது. 'சற்றே' என்பதுகூட நான் அவருக்காகச் சேர்க்கும் சொல்.

டொக்டர் எங்களை டயட்டீஷியனிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துப் பெண், கதை வெட்டொன்று துண்டிரண்டு. என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டாள். அத்தான் பச்சைப் பட்டையை விளக்கினார். தன்னடக்கத்தோடுதான் விளக்கினார், ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது: ஒரு நாள்கூட எல்லை தாண்டவில்லை.

அவள் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஐயா, அதில பாதி உண்மை இருக்கு. அதுதான் பிரச்சினை. மெதுவா நடக்கேக்க எரியிறதில பெரும்பங்கு கொழுப்புத்தான். ஆனா எரியிறதே கொஞ்சம். நத்தாருக்குக் கேக் வெட்டுவீங்களெல்லோ? சின்னக் கேக்கில பாதியோ, பெரிய கேக்கில கால்வாசியோ, எது கூட?"

"பெரிய கேக்," என்றார் அத்தான். கேக் விஷயத்தில் அவர் பிழைவிடமாட்டார்.

"அது ஒண்டு. மற்றது, நடக்கேக்க எது எரிஞ்சதெண்டு உடம்பு அதோட கணக்கை மூடிறேல்லை. அந்த நேரம் சீனி கூட எரிஞ்சா, பிறகு சும்மா இருக்கேக்க கொழுப்பு கூட எரியும். அப்ப கொழுப்பு எரிஞ்சா, பிறகு சீனி. ஒருநாள் முடியேக்க எல்லாம் ஏறக்குறைய சமன். கிழமைக்கணக்கில எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு செலவாகுது, அதுதான் எடை."

"அப்ப இந்த இதயத்துடிப்பு?"

"இதயம் எவ்வளவு கஷ்டப்படுதெண்டு சொல்லும். அதுவும் உங்கட இதயத்துக்கு எவ்வளவு கஷ்டமெண்டு. வெக்கையில கூடும், கோப்பி குடிச்சாக் கூடும், பயந்தாக் கூடும். இருநூத்தி இருவதில வயசைக் கழிக்கிறதும் பொதுவான ஒரு குத்துமதிப்பு, உங்களுக்குச் சரியா வருமெண்டில்லை. மெல்ல நடக்கிறது பிழையில்லை ஐயா, ஆரோக்கியத்துக்கு நல்லதுதான். ஆனா மூச்சு வாங்குற மாதிரி நடக்கலாமெண்டா, அதே நேரத்தில கூடச் செலவாகும். பயப்பிட வேண்டாம், உங்கட ஈசிஜி எல்லாம் நல்லாயிருக்கு." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள்: "உண்மையான விசயம் சாப்பாடு. வீட்டில ஆர் சமைக்கிறது?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன்: "நோயாளிதான்."

அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அவவிட்டச் சொல்லுங்கோ. பாதியாக் குறைக்கச் சொல்லி. அவவுக்காகத்தானே."

வெளியே வந்து முச்சக்கரவண்டிக்கு நின்றபோது அத்தான் ஒரேயொரு வசனம் பேசினார்: "அவளிட்ட நான் சொல்லுறன் மச்சான், நீ சொல்லாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் நானும் இருந்தேன். பூசை முடிந்து வந்த அக்கா களைத்துப்போயிருந்தாள். ஆனாலும் இறால் குழம்பு வைத்திருந்தாள், பருப்பு, பொரித்த கத்தரிக்காய், சம்பா. அத்தான் சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்தார். கையைக் கழுவப் போகிறவர்போல எழும்பினார்.

"என்ன? உப்புக் கூடிட்டுதோ?"

"இல்லை."

"இறால் பழசோ? விடியத்தானே வாங்கினது. இந்த மூக்கும் போயிட்டுதோ எனக்கு?"

அவள் அதைச் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. டயாலிசிஸ் நாக்கைக் கெடுத்துவிட்டது, எல்லாம் இரும்பு மாதிரி ருசிக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தாள். மிஞ்சியது மூக்கு. அதுவும் போய்விட்டதா என்று கேட்கிறாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஒதுக்கிய சோற்றைக் கையால் இழுத்து, இறாலின் குழம்பை ஊற்றி, குழைத்து, முழுவதையும் சாப்பிட்டார். இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.

"நல்லாயிருக்கு. மாதா கோயிலில நிண்ட கால்நோ, அதுதான் எழும்பினனான்," என்றார்.

எனக்கு முன்னாலும் ஒரு தட்டு இருந்தது. நானும் அதைக் காலியாக்கினேன். தட்டைப் பாதியாகக் குறைப்பது ஒரு பெண்ணைப் பாதியாகக் குறைப்பதாகிவிடுகிற வீடு எப்படியிருக்கும் என்று அந்த டயட்டீஷியனுக்கு எந்தப் புத்தகத்தில் சொல்லியிருப்பார்கள்?

சாப்பாட்டில் கைவைக்க முடியாததால் அத்தான் கால்களை நம்பினார். பச்சைப் பட்டையை விட்டு வெளியே வந்தார். வேகமாக நடந்தார், ட்ரெட்மில்லைச் சரிவாக வைத்து ஏறினார். மாஸ்டர் பதறி ஓடிவந்தார்.

"அங்கிள், சிவப்பு! சிவப்பு!"

"டொக்டர் சொன்னது தம்பி. சிவப்பிலயும் கொழுப்பு எரியுமாம்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கேக் கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் அன்றிலிருந்து பெரிய படத்தின் பக்கம் கையைக் காட்டுவதை விட்டுவிட்டார். முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. மிகவும் மெல்ல. ஒரு முழு மணிநேரம் மூச்சு வாங்கி நடந்து செலவழித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தட்டு திருப்பிக் கொடுத்துவிடும். ஆனாலும் இறங்கியது. அக்காவிடம் அவர் ஒவ்வொரு கிழமையும் பெல்ட்டின் துளையைக் காட்டுவார். அவள் சந்தோஷப்பட்டு அன்றைக்குக் கூடுதலாகச் சமைப்பாள்.

அந்த நேரத்தில்தான் கழுத்துக் குழாயில் கிருமி பிடித்தது.

காய்ச்சல், குளிர் நடுக்கம், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள் என்றார்கள்; அத்தானையும் என்னையும் பார்த்துவிட்டு, ஏனோ, இரண்டு பேரையும் விட்டார்கள். அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் கனடாவிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரம் அவர் மணிக்கட்டில் இருந்தது. இதயத்துடிப்புப் பார்க்கிற வகை. திடீரென்று அது நடுங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். நீங்கள் கொழுப்பு எரியும் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள் என்று பச்சை எழுத்தில் வாழ்த்தியது.

அந்த மனிதர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. உடம்பில் எதுவும் கூடுதலாக எரியவில்லை. பயம் மட்டும் இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அத்தான் அந்த எழுத்தை வாசித்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்தார். ஒரு தாதி கேட்டாள், அது உங்களுடையதா, கீழே விழுந்துவிடும் என்று சிங்களத்தில். அவர் சேட்டுப் பொக்கற்றில் போட்டார். அங்கிருந்தும் அது கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டேயிருந்தது.

அக்கா இரண்டு நாள்தான் தாங்கினாள்.

அவளுக்கான முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அத்தான் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார். விடியக்காலையில் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில், ரயில்பாதைக்குப் பக்கத்தில் ஓடுவார். நடை இல்லை, ஓட்டம். நான் என் பங்குக்குப் பின்னால் நடந்துபோவேன். பம்பலப்பிட்டிப் பக்கம் போய்த் திரும்பி வருபவர், என்னைக் கடக்கும்போது நிற்கமாட்டார். அவர் மெலிந்துகொண்டே வந்தார். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, டொக்டர் கேட்ட எடையைத் தாண்டி இறங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். யாரும் நிறுக்கவில்லை. அவர் ஓடியதாலா, கொட்டாஞ்சேனை வீட்டில் அடுப்பு மூட்டப்படாததாலா என்று நான் கேட்கவில்லை. ஒரு பாணும் ஒரு பிளேன் டீயும்தான் அவருடைய சாப்பாடு என்று பக்கத்து வீட்டு அன்ரி எனக்குச் சொன்னாள்.

ஒருநாள் மட்டும் நின்றார். முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். பிறகு இரண்டு விரலைக் கழுத்து நரம்பில் வைத்து எண்ணினார்.

"நூத்தி அம்பதுக்கு மேல மச்சான். பாத்தியா? இந்த உடம்பு ஏலாதெண்டில்லை. அப்பவும் ஏலும். முதல் நாளிலயிருந்து இப்பிடி ஓடியிருந்தா திகதி கிடைச்சிருக்கும். குழாய் கழுத்தில இருந்திருக்காது. கிருமி வந்திருக்காது. அந்தப் பச்சைக்குள்ள நடந்து நடந்து நான் அவளைக் கொன்றுபோட்டன்."

கடற்கரைக் கல்லில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒரு ரயில் பாணந்துறைப் பக்கம் போயிற்று.

அவர் சொன்னது பிழை. அது எனக்குத் தெரியும். மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு எரியும் என்பது எவ்வளவு பிழையோ, வேகமாக ஓடியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதும் அவ்வளவு பிழை. இரண்டிலும் இதயத்துடிப்பைத்தான் கடவுளாக வைக்கிறார். ஓடியிருந்தால் கொஞ்சம் கூடச் செலவாகியிருக்கும், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டிய, பழக்கமில்லாத ஒரு மனிதர் முதல் மாதத்தில் எவ்வளவு ஓடிவிட முடியும்? அந்த ஓட்டத்தை அந்த இறால் தட்டு அன்றைக்கே தின்றிருக்கும்.

"அத்தான், ஓடியிருந்தாலும் பெருசா வித்தியாசம் வந்திருக்காது," என்றேன். "அந்தக் கிளினிக் பிள்ளை சொன்னவவெல்லோ. நடையோ ஓட்டமோ எடையில ஒரு பங்குதான்."

"அப்ப மற்றப் பங்கு என்ன?"

கேள்வி அவ்வளவு நேராக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் வாழ்நாள் முழுக்கப் பகிடி எழுதிச் சமாளித்தவன். கைவசம் ஒரு பகிடிகூட வரவில்லை. அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்க என்னிடம் இருந்தது ஒரேயொரு உண்மை. அதைச் சொன்னால் குற்றம் அவருடைய காலிலிருந்து இறங்கி, நேரே கொட்டாஞ்சேனைக் குசினிக்குள் போய் அக்காவின் கையில் நிற்கும்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிளினிக்கில் இருந்தவர் அவர். கேட்டதை மறக்கிற ஆள் இல்லை.

"சொல்லாத," என்றார். "அதுவெண்டா சொல்லாத மச்சான். அவள் போட்ட சோறெண்டு ஆரும் சொல்லக்கூடாது."

"நான் சொல்லேல்லை, அத்தான்."

"ஓடாததுதான்."

"ஓம்," என்றேன். "ஓடாததுதான்."

அவர் எழும்பி மணலைத் தட்டிவிட்டு மறுபடியும் தெகிவளைப் பக்கம் ஓடத் தொடங்கினார். முதல் சில அடிகள் கால் இழுத்தது. பிறகு வேகம் பிடித்தார். நான் கல்லிலேயே இருந்தேன்.